நாற்பது கட்டுரைகளும் ஒரு கண்டறிகருவியும்: நம்பிக்கை ஆயிடையை ஒரு வருடம் பயன்படுத்திய அனுபவம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மூன்று பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பிக்கும் நாங்கள் சிலர், மாணவர் ஒப்படைக்கும் கட்டுரைகள் செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டவையா என்று சொல்லும் கண்டறிகருவி ஒன்றைக் கடந்த வருடம் முழுவதும் சோதித்துப் பார்த்தோம். மனிதர் எழுதிய கட்டுரையைத் தவறாகச் சுட்டும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு என்று அதன் விளம்பரம் கூறியது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போரின் எழுத்தில் இத்தகைய கருவிகள் அதிகம் தவறுகின்றன என்பதை 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருந்தது. ஏழு கருவிகளிடம் 91 டோஃபல் கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திர எழுத்து என்று முத்திரை குத்தப்பட்டிருந்தன. ஆகவே விளம்பரத்தின் எண்ணை அப்படியே ஏற்க முடியவில்லை. எங்கள் பிள்ளைகளின் எழுத்திலேயே அளந்து பார்க்க வேண்டியிருந்தது. கருவியைப் பற்றிய மதிப்புரையாக இதை நான் எழுதவில்லை. அதை அளக்க நாங்கள் கையாண்ட நம்பிக்கை ஆயிடை என்ற முறை நடைமுறையில் எவ்வளவு உதவியது என்பதே இங்கு பேசப்படுவது.

முதல் தவணையில் 40 கட்டுரைகள் சேர்ந்தன. ஒரு மாணவருக்கு ஒன்று என்ற கணக்கில், வகுப்பறையில் ஆசிரியர் கண்முன்னே கையால் எழுதப்பட்டவை என்பதால், அவை மனித எழுத்து என்பதில் ஐயம் இல்லை. அவற்றைத் தட்டச்சு செய்தபோது எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை எதையும் திருத்தாமல், கணினியின் தானியங்கித் திருத்தத்தையும் நிறுத்திவைத்தோம். தட்டச்சு செய்பவர் நல்லெண்ணத்தோடு நான்கு பிழைகளைத் திருத்திவிட்டால், கருவி படிப்பது மாணவரின் எழுத்தாக இராது. பெயர்களை நீக்கிவிட்டு இலக்கங்களை மட்டும் இட்டோம்.

கருவி அந்த 40இல் 2 கட்டுரைகளைச் சுட்டியது. அதாவது 5 சதவீதம். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஒருவர் “ஐந்து சதவீதம், விளம்பரத்தைவிட ஐந்து மடங்கு” என்பார். இன்னொருவர் “இரண்டே இரண்டு, தற்செயலாக இருக்கலாம்” என்பார். இருவரின் பேச்சிலும் நியாயம் உண்டு, ஆனால் 40 என்ற தொகை எவ்வளவு தாங்கும் என்பதை இருவருமே கணக்கிடவில்லை. நம்பிக்கை ஆயிடை அதைத்தான் கணக்கிடுகிறது. கிடைத்த மாதிரியை வைத்து, உண்மையான வீதம் எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று அது ஒரு வீச்சைத் தருகிறது. 95 சதவீத ஆயிடை என்றால், இதே முறையில் மாதிரிகளை மீண்டும் மீண்டும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வீச்சைக் கணித்தால், நூற்றில் ஏறத்தாழ 95 வீச்சுகள் உண்மையான வீதத்தை உள்ளடக்கும் என்று பொருள்.

உயர்தரப் புள்ளிவிபரவியல் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் சூத்திரம், விகிதத்தின் இருபுறமும் நியம வழுவின் 1.96 மடங்கைக் கூட்டிக் கழிப்பது. எங்கள் தரவுக்கு அது மறை 1.8 முதல் 11.8 சதவீதம் வரை என்ற வீச்சைத் தருகிறது. சுட்டப்படும் வீதம் பூச்சியத்துக்குக் கீழே இருக்க முடியாது. சிறிய மாதிரியும், பூச்சியத்தை அண்டிய வீதமும் சேரும்போது அந்தச் சூத்திரம் பயனற்றது என்பதற்கு இந்த மறை எண்ணே அறிகுறி. ஒரு கட்டுரைகூடச் சுட்டப்படாதிருந்தால் நிலை இன்னும் மோசம். வீச்சு பூச்சியத்திலிருந்து பூச்சியம் வரை என்று வந்து, நாற்பதே கட்டுரைகளைக் கொண்டு கருவி ஒருபோதும் தவறாது என்று சொல்லிவிடும்.

எனவே எட்வின் வில்சன் 1927இல் முன்வைத்த முறைக்கு மாறினோம். விரிதாளில் B1 கட்டத்தில் சுட்டப்பட்டவற்றின் தொகையையும் B2 கட்டத்தில் மொத்தத்தையும் இட்டால் போதும். முதல் வரி கீழ் எல்லையையும் இரண்டாவது மேல் எல்லையையும் தரும்.

```
=(B1+1.92-1.96*SQRT(B1*(1-B1/B2)+0.96))/(B2+3.84)
=(B1+1.92+1.96*SQRT(B1*(1-B1/B2)+0.96))/(B2+3.84)
```

விடை 1.4 முதல் 16.5 சதவீதம். வருடம் முழுவதும் எனக்கு அதிகம் பயன்பட்டது இந்த மேல் எல்லைதான். குற்றமற்ற நூறு பிள்ளைகளில் பதினாறு பேர் வரை தவறாகச் சுட்டப்படக்கூடும் என்பதை எங்கள் தரவு மறுக்கவில்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னபோது, “ஐந்து சதவீதம்தானே” என்ற பேச்சு நின்றது.

கீழ் எல்லையில் ஒரு சிக்கல் இருந்தது. வில்சன் முறையில் விளம்பரத்தின் 1 சதவீதம் வீச்சுக்கு வெளியே விழுகிறது. 1934இல் கிளொப்பர், பியர்சன் இருவரும் தந்த, சற்றுக் கூடுதல் எச்சரிக்கையுள்ள முறையிலோ வீச்சு 0.6 முதல் 16.9 சதவீதம் ஆகிறது, 1 சதவீதம் உள்ளே வந்துவிடுகிறது. அதற்கான வரிகள் இவை:

```
=BETA.INV(0.025,B1,B2-B1+1)
=BETA.INV(0.975,B1+1,B2-B1)
```

(B1 பூச்சியமானால் முதல் வரி பிழை காட்டும். அப்போது கீழ் எல்லையைப் பூச்சியம் என்று கொள்ள வேண்டும்.) ஒரு முறை விளம்பரத்தைப் பொய் என்கிறது, மற்றது பொய் என்று சொல்ல மறுக்கிறது. இந்த நிலையில் தனக்குப் பிடித்த விடையைத் தரும் முறையைத் தெரிவுசெய்வது நேர்மையாகாது. எந்த முறை என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்திருந்ததால் வில்சனையே வைத்துக்கொண்டோம். ஆனால் முறையை மாற்றினால் மாறிவிடும் முடிவை முடிவென்று அறிவிக்கவில்லை. முதல் தவணை அறிக்கையில், விளம்பரத்தின் கூற்றை மறுக்க 40 கட்டுரைகள் போதாது என்றே எழுதினோம்.

ஆயிடை கண்டுகொள்ளாத ஒரு விடயம் அந்தத் தவணையிலேயே தெரிந்தது. “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது சோறு ஒரே பானையில் வெந்தால் மட்டுமே சரி. சுட்டப்பட்ட இரண்டு கட்டுரைகளும் ஒரே தனியார் கல்வி நிலையத்துக்குச் செல்லும் 11 மாணவர்களிடமிருந்து வந்தவை. அங்கே மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்விப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் தொடக்கப் பந்தி ஏறத்தாழ ஒரே வாக்கியங்களால் ஆனது. எளிதில் ஊகிக்கக்கூடிய, வழுவழுப்பான தொடர்களை இயந்திர எழுத்து என்று எண்ணுவது இத்தகைய கருவிகள் பலவற்றின் இயல்பு. அந்த 11இல் 2 என்பதற்கு வீச்சு 5 முதல் 48 சதவீதம். மற்ற 29இல் ஒன்றும் சிக்காததற்கு 0 முதல் 12 சதவீதம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மேலும், விடை தெரிந்த பிறகு நாங்களாகப் பிரித்த பிரிவு இது. ஆகவே மனப்பாடம்தான் காரணம் என்று இதிலிருந்து நிறுவ முடியாது, அடுத்த தவணையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் அறியலாம்.

இதைவிட முக்கியமானது, ஒரே பந்தியைப் பகிரும் 11 கட்டுரைகள் 11 தனித்தனிச் சாட்சிகள் ஆகா என்பது. ஒரு குழுவில் m கட்டுரைகள் இருந்து, அவற்றுக்கிடையிலான ஒத்த தன்மை ρ ஆனால், குழுவின் உண்மையான எடை m/(1+(m−1)ρ). ρ வெறும் 0.3 என்று வைத்தாலும் பதினொன்றின் எடை மூன்றுக்கும் குறைகிறது. சூத்திரத்தில் 40 என்று இட்டுப் பெற்ற வீச்சு உண்மையில் இருக்க வேண்டியதைவிட ஒடுங்கியது என்பது இதன் பொருள். இதைக் கணக்கால் சரிசெய்வதைவிட மாதிரியைச் சரிசெய்வதே எளிதாக இருந்தது. இரண்டாம் தவணையிலிருந்து, முன்கூட்டி ஊகிக்க முடியாத தலைப்புகளை வகுப்பிலேயே கொடுத்தோம், ஒவ்வொரு வகுப்பிலும் சீட்டுக் குலுக்கி மாணவரைத் தெரிந்தோம்.

இதற்கிடையில் கருவியின் பதிப்பு மாறியது. பழைய பதிப்பின் எண்களையும் புதியதன் எண்களையும் கூட்டினால், யாரும் பயன்படுத்தாத ஒரு கலவைக் கருவியின் வீதமே கிடைக்கும். தட்டச்சுப் பிரதிகளைப் பாதுகாத்து வைத்திருந்ததால் முதல் 40ஐயும் மீண்டும் கொடுத்தோம். முன்பு சிக்கிய இரண்டில் ஒன்று இம்முறை தப்பியது, முன்பு தப்பிய வேறொன்று சிக்கியது. எண்ணிக்கை இரண்டாகவே இருந்தும் பிள்ளை மாறிவிட்டது. ஒரு தனி மாணவரின் கட்டுரைமீது கருவி தரும் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு எந்த வீச்சையும்விட இது எனக்கு அதிகம் சொன்னது.

வருட முடிவில், தொடக்கத்திலேயே தீர்மானித்திருந்த 120 கட்டுரைகள் நிறைந்தன. எண் நமக்குச் சாதகமாகத் தெரியும் இடத்தில் நிறுத்திக்கொள்ளும் ஆசை எவருக்கும் வரும் என்பதாலேயே தொகையை முன்பே முடிவு செய்திருந்தோம். புதிய பதிப்பு 7ஐச் சுட்டியது. வீச்சு 2.9 முதல் 11.6 சதவீதம். இப்போது 1 சதவீதம் இரு முறைகளிலும் வெளியே விழுகிறது. மூன்று மடங்கு உழைப்புக்குப் பிறகும் வீச்சின் அகலம் 15இலிருந்து 9க்குத்தான் சுருங்கியது. அகலத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு கட்டுரைகள் வேண்டும் என்பது இம்முறையின் இயல்பு, அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

இயந்திரத்தால் எழுதுவித்த 24 கட்டுரைகளையும் தனியே கொடுத்தோம். 19 பிடிபட்டன, வீச்சு 60 முதல் 91 சதவீதம். இது ஒரு சொல்லும் மாற்றாத கட்டுரைகளுக்கு மட்டுமே பொருந்தும். இந்தப் 19ஐயும் முதல் தவணையில் சரியாகத் தப்பிய 38ஐயும் கூட்டி “64இல் 57 சரி, துல்லியம் 89 சதவீதம்” என்று எழுத ஒருவர் விரும்பினார். நான் இணங்கவில்லை. நாங்கள் எத்தனை இயந்திரக் கட்டுரைகளைக் கலந்தோமோ அதைப் பொறுத்து அந்த எண் ஏறி இறங்கும். குற்றமற்ற பிள்ளைக்கு நேரும் தீங்கை அது மறைத்தும் விடும்.

பயன்படுத்த விரும்புவோர் தங்கள் எல்லையை முதலில் எழுதிக்கொள்ளட்டும். தவறான சுட்டல் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு பாடசாலை கருதினால், மேல் எல்லை அதற்குக் கீழே வர, ஒன்றுகூடச் சுட்டப்படாமல் ஏறத்தாழ 190 கட்டுரைகள் தேவை. ஏ9 வீதியின் இருபுறமும் உள்ள சிறிய பாடசாலைகளில் க.பொ.த. சாதாரண தர வகுப்பு முழுவதையும் கூட்டினாலும் தனியொரு பாடசாலைக்கு அந்தத் தொகை பெரும்பாலும் எட்டாது. கோட்ட மட்டத்தில் சேர்ந்துதான் செய்யலாம். எங்கள் மூன்று பாடசாலைகளிலும் இப்போது கருவியின் சுட்டலை எந்த மாணவரின் புள்ளியையும் குறைக்கப் பயன்படுத்துவதில்லை. ஐயம் எழுந்தால், அதே தலைப்பில் பத்து நிமிடம் வகுப்பில் எழுதச் சொல்லி, இரண்டையும் ஆசிரியர் பக்கத்தில் வைத்து வாசிக்கிறார்.