சிங்கிளா, பேரலல் ட்வினா, வி-ட்வினா?

பைக் எஞ்சினில் பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் வண்டிக்கு ஓர் உதை விழும். சிங்கிள் சிலிண்டரில் அந்த உதையைச் சமாளிக்க இன்னொரு பிஸ்டன் கிடையாது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கில் எதிர் எடை வைக்கலாம்தான். ஆனால் பிஸ்டனின் எடைக்குச் சரியாக வைத்தால், மேல்கீழாக இருந்த அதிர்வு முன்பின்னாகத் திரும்பிவிடும். அதனால் பாதி அளவுக்கு வைத்துவிட்டு, மீதியை அடக்க, எதிர்த்திசையில் சுழலும் எடைத்தண்டான பேலன்சர் ஷாஃப்ட் போடுகிறார்கள். ராயல் என்ஃபீல்டின் பழைய 346 சிசி எஞ்சினில் அது இல்லை; 2020-ல் மீட்டியரோடு வந்த 349 சிசியில் இருக்கிறது. இரண்டையும் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, பின்னால் வரும் லாரியின் நம்பரைக் கண்ணாடியில் படித்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். மற்றபடி ஒல்லியான, எளிமையான எஞ்சின் சிங்கிள்தான். அந்தத் தட தட சத்தமும் அதற்கே உரியது.

இரண்டு சிலிண்டரும் V வடிவில் விரிந்து நிற்பது வி-ட்வின்; அதில் இரண்டுக்கும் நடுவே 90 டிகிரி கோணம் உள்ள அமைப்புதான் அழகு. இரண்டு பிஸ்டனும் ஒரே கிராங்க் பின்னில் இருப்பதால், கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வரும் முதன்மை அதிர்வை எதிர் எடை ஒன்றே முழுதாகத் தீர்த்துவிடும். டுகாட்டியும் சுசுகி எஸ்வி650-யும் இப்படித்தான். ஆனால் இடம்? குறுக்கே ஒல்லிதான், நீளத்தில் அகலக் கால் வைக்கும். முன் சிலிண்டர் முன்சக்கரத்தை நோக்கிப் படுத்துக்கொள்கிறது, பின் சிலிண்டர் சூட்டைத் தொடைப்பக்கம் தள்ளுகிறது. சிலிண்டர் ஹெட்டும் கேம் ஷாஃப்ட்டும் இரண்டு செட் வேண்டும். ஹார்லி கோணத்தை 45 டிகிரியாகக் குறுக்கி நீளத்தைக் குறைத்தது. பதிலுக்கு அதிர்வு கூடியது.

பேரலல் ட்வினில் இரண்டு சிலிண்டரும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே ஹெட், முன்பின் நீளம் குறைவு. இதில் எல்லாமே கிராங்கில் இரண்டு பிஸ்டனும் எத்தனை டிகிரி தள்ளி இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 360 டிகிரி கிராங்கில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும், அதிர்வு சிங்கிள் மாதிரியே. 180-ல் ஒன்று ஏற ஒன்று இறங்கும். உதை குறையும், ஆனால் எஞ்சின் இடம் வலமாக ஆடும்.

எனக்குப் பிடித்தது 270 டிகிரி. கணக்கைப் பாருங்கள்: ஒரு வெடிப்பிலிருந்து அடுத்தது 270 டிகிரியில், அதற்கடுத்தது 450 டிகிரியில். 90 டிகிரி வி-ட்வினிலும் இதே இடைவெளிதான், அதனால் அந்தத் தாளமும் இதில் வந்துவிடுகிறது! ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது நடுவழியில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒருபோதும் சேர்ந்து நிற்பதில்லை. 1995-ல் யமஹா டிஆர்எக்ஸ்850-ல் வந்த இந்த அமைப்பு, 2018-ல் என்ஃபீல்டின் 648 சிசி இன்டர்செப்டருக்கும் வந்தது. ஆனால் முதன்மை அதிர்வு தானாகத் தீராது, பேலன்சர் கட்டாயம் வேண்டும். சிங்கிளை விட எஞ்சின் அகலம் என்பதும் உண்மை.

வாங்கும் முன் டாப் கியரில் 60-லும் 100-லும் சிறிது நேரம் ஓட்டி, கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சீட் மூன்றிலும் அதிர்வைத் தனித்தனியாகக் கவனியுங்கள். வி-ட்வின் என்றால் அப்புறம் டிராஃபிக்கில் பத்து நிமிடம் ஊர்ந்து, பின் சிலிண்டர் சூடு தொடையில் எவ்வளவு படுகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.