பூக் கட்டும் விரல்களும் இடம் மாறிய மூக்குத்தியும்: ஏஐ வீடியோவோடு ஒரு வருடம்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவுக்காக ஏஐ வைத்துச் சின்ன விளம்பரம் ஒன்று செய்தேன். ஒரு பெண் உட்கார்ந்து மல்லிகைப்பூ கட்டுகிறாள், நிமிர்ந்து சிரிக்கிறாள், அவ்வளவுதான் காட்சி. முதலில் வந்ததை அக்காவிடம் காட்டினேன். "தம்பி, விரலு நாருக்குள்ள கரைஞ்சு போகுது. குனிஞ்சு நிமிந்தா பொண்ணு வேற ஆளா இருக்கே" என்றார். அவர் சொன்ன இரண்டையும் சரிசெய்யத்தான் இந்த ஒரு வருடத்தில் பெரும்பகுதி போனது.

நான் பயன்படுத்துவது சொந்தக் கணினியில் ஓடும் திறந்த ஏஐ மாடல். 480க்கு 832 பிக்சலில், விநாடிக்கு 16 ஃபிரேம் வீதம் 81 ஃபிரேம், அதாவது சுமார் ஐந்து விநாடி கிளிப் தரும். இந்த மாடல் படத்தைப் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. எட்டுக்கு எட்டு பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கி, அந்தச் சுருங்கிய வடிவத்தில் வேலை செய்துவிட்டுக் கடைசியில்தான் விரிக்கிறது. ஆள் முழுதாகத் தெரியும் காட்சியில் விரலின் அகலம் எட்டு பிக்சல்கூட வராது. அப்படியென்றால் ஒரு விரலுக்கு ஒரு கட்டம்தான். பக்கத்து விரலும் நாரும் பூக்காம்பும் அதே கட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும்.

நேரத்திலும் இதே சுருக்கம் நடக்கிறது. நான்கு ஃபிரேம் சேர்ந்து ஒன்றாகிறது, அதாவது கால் விநாடி. பழகிய கை அதற்குள் நாரைச் சுற்றி இழுத்துவிடும். அந்தக் கால் விநாடியில் விரல் எங்கிருந்தது என்பதை மாடல் ஊகித்துத்தான் நிரப்புகிறது. கை மினுங்குவதும், ஐந்து விரல் ஆறாகி மறுபடி ஐந்தாவதும் இங்கேதான்.

மாடலுக்குக் கொடுக்கும் எழுத்துக் குறிப்பான பிராம்ப்டில் 'ஐந்து விரல், தெளிவான கை' என்று எழுதிப் பார்த்தேன். எனக்குப் பலன் தெரியவில்லை. சொல்லைக் கூட்டினால் கட்டம் கூடாதே. முடிந்த வீடியோவைப் பெரிதாக்கித் துலக்கும் மென்பொருளும் தப்பான விரலைத்தான் துலக்கிக் காட்டியது. உதவியது இரண்டு விஷயம்: கை சட்டகத்தை நிறைக்கும்படி நெருக்கமாக வைப்பது, அசைவைக் குறைப்பது. கட்டி முடித்த சரத்தைக் கை மெதுவாகத் தூக்கிக் காட்டும் காட்சியில், மாடல் எதிலிருந்து தொடங்குகிறதோ அந்தத் தற்செயல் எண்ணை, அதாவது சீட் எண்ணை, நான்கு முறை மாற்றி ஓட்டினால் ஒன்று தேறியது. நார் சுற்றும் காட்சி மட்டும் ஒருமுறையும் தேறவில்லை. அதை விட்டுவிட்டு, அக்கா கட்டுவதையே ஃபோனில் ஆறு விநாடி எடுத்துச் சேர்த்தேன்.

முகம் மாறுவதற்குக் காரணம் வேறு. இந்தப் பெண் இன்னார் என்ற பதிவு மாடலிடம் கிடையாது. வெறும் சொல்லில் கேட்டால் ஒவ்வொரு கிளிப்பிலும் புது ஆள் வருவாள். படத்தைத் தொடக்க ஃபிரேமாகக் கொடுத்தால் அந்த முகம் நிற்கும். ஆனால் படத்தில் தெரியாத பக்கத்தை மாடல் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நேர்முகப் படம் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு, தலை குனிந்து திரும்பி நிமிரச் சொன்னால், வேறு தாடையோடு நிமிர்கிறாள்.

நான் செய்த பெரிய தப்பு, ஒரு கிளிப்பின் கடைசி ஃபிரேமை அடுத்த கிளிப்பின் தொடக்கமாக வைத்தது. தொடர்ச்சி கிடைக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு கிளிப்பிலும் முகம் கொஞ்சம் நகரும், அடுத்தது அந்த நகர்ந்த முகத்திலிருந்து கிளம்பும். நாலாவது கிளிப்பில் அந்தப் பெண்ணின் அக்கா மாதிரி ஒருத்தி இருந்தாள். இப்போது அப்படிச் செய்வதில்லை. தெரிந்த பெண் ஒருவரிடம் சம்மதம் கேட்டு, ஒரே வெளிச்சத்தில் நேர், பக்கவாட்டு, குனிந்த நிலை என்று மூன்று புகைப்படம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கிளிப்பும் அவற்றில் ஒன்றிலிருந்தே தொடங்கும். குனிந்து நிமிர வேண்டிய இடத்தில், முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் மாடலைப் பயன்படுத்துகிறேன். இரண்டு முனையிலும் நிஜ முகம் இருப்பதால் நடுவில் அலைய இடம் குறைவு.

வந்த கிளிப்பை ஓடவிட்டுப் பார்த்தால் பல தப்பு கண்ணில் படாது. ffmpeg என்ற மென்பொருளால் ஃபிரேம்களாகப் பிரித்துவிடுவேன்:

```
ffmpeg -i clip.mp4 f_%03d.png
```

`f_001.png`, `f_041.png`, `f_081.png` மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கண், வாயை அப்புறம் பார்க்கலாம். முதலில் மூக்குத்தி எந்தப் பக்கம், தோட்டின் வடிவம் என்ன, நெற்றியில் முடி எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒருமுறை மூக்குத்தி 41ஆவது ஃபிரேமுக்குள் இடமிருந்து வலம் போயிருந்தது. ஓட்டத்தில் அது தெரியவே இல்லை. தொடக்கப் படம் மட்டும் கொடுத்த கிளிப் பின்பாதியில்தான் பெரும்பாலும் கெடுகிறது என்பதால், அதில் முதல் இரண்டரை விநாடியை மட்டும் வெட்டி எடுக்கிறேன்.

கடைசியில் அக்காவின் விளம்பரம் இப்படி அமைந்தது: கை சட்டகத்துக்கு வெளியே இருக்க, மார்பளவில் பெண்ணின் முகம், ஏஐ. நார் சுற்றும் கை, ஃபோனில் எடுத்த அக்காவின் கை. ஈரம் சொட்டும் பூக்கூடை, ஏஐ. நிமிர்ந்து சிரிப்பது, இரண்டு முனைப் படங்களோடு ஏஐ. அக்கா இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். "இது என் கைதானே" என்று மட்டும் கேட்டார், முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.