கிரில்லா, கொசுவலையா, ஷட்டரா, துணிக்கொடியா: அடுக்குமாடிப் படத்தில் எதை முதலில் நம்புவது?

ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றின் படம். செங்கல் முகப்பு. பெயர்ப்பலகை இல்லை, வண்டி எண் இல்லை, தெருவில் ஆள்கூட இல்லை. தரைத்தளத்து ஜன்னல்கள் எல்லாவற்றிலும் இரும்புக் கம்பி. மேல்மாடிகளில் சுருட்டி ஏற்றும் ஷட்டர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் இறங்கி நிற்கின்றன. இரண்டு பால்கனிகளில் துணி காய்கிறது. எந்த நாடு என்று நண்பர் கேட்டார். கம்பியைப் பார்த்த வேகத்தில் தென் அமெரிக்கா என்றேன். தப்பு.

கம்பி பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். கிரில், கொசுவலை, ஷட்டர், துணிக்கொடி நான்கும் ஒரே எடை உள்ள தடயங்கள் இல்லை. சில, கட்டடம் எழும்பும்போதே அதோடு பிறந்தவை. சில, பிற்பாடு குடிவந்தவர் தன் பயத்துக்கும் வசதிக்கும் மாட்டிக்கொண்டவை. முதல் வகை நாட்டைச் சொல்லும். இரண்டாவது வகை பெரும்பாலும் அந்த வீட்டுக்காரரைப் பற்றித்தான் சொல்லும்.

நான்கையும் எடைபோடும் முன் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால் அதற்கு முன்னால் வெளியே எதையும் பொருத்த முடியாது. கிரில்லும் கொசுவலையும் உள்ளே போய்விடும், ஷட்டருக்கு இடமே இருக்காது. பிரிட்டனில் ஜன்னலுக்கு வெளியே ஷட்டர் அபூர்வமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிங்கப்பூர் அரசுக் குடியிருப்புகளில் கிரில் கண்ணாடிக்கு உள்பக்கம் தெரிவதும் இதே கணக்குதான். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் போன்ற இடங்களில் கதவு வீட்டுக்குள் திறக்கிறது. அதனால் வெளிப்பக்கம் காலியாகி ஷட்டர் அங்கே குடியேறுகிறது. பக்கவாட்டில் நகரும் ஜன்னல் என்றால் வெளியே எதை வேண்டுமானாலும் மாட்டலாம். தைவானின் பழைய அடுக்குமாடிகளில் கூண்டு போல வெளியே துருத்தி நிற்கும் இரும்புக் கம்பிகள் அப்படி வந்தவை.

சரி, இனி ஒவ்வொன்றாக.

என் கணக்கில் முதலிடம் ஷட்டருக்குத்தான். சுருள் ஷட்டர் ஏறி ஒளிந்துகொள்ள ஜன்னலுக்கு மேலே ஒரு பெட்டி வேண்டும். கட்டும்போதே திட்டமிட்டிருந்தால் அந்தப் பெட்டி சுவருக்குள் மறைந்துவிடும். வெளியே தெரிவது ஜன்னலின் இரு ஓரத்திலும் ஓடும் தடமும், மேலே ஒரு குறுகிய இடுக்கும் மட்டுமே. பிற்பாடு பொருத்தியது என்றால் பெட்டி கண்ணாடிக்கு மேலே துருத்திக்கொண்டு தெரியும். கட்டடம் முழுக்க ஒரே மாதிரி மறைந்த பெட்டி என்றால், அந்த ஊரில் ஷட்டர் இல்லாமல் வீடு கட்டுவது யாருக்கும் தோன்றாத காரியம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்பெயின், இத்தாலி, போர்ச்சுக்கல், இஸ்ரேல் எல்லாம் அந்த வரிசையில் வரும். நட்டநடுப் பகலில் ஷட்டர்கள் பாதி இறங்கியிருந்தால் அது வெயிலுக்கு ஒளியும் ஊர். ஜெர்மனியிலும் சுருள் ஷட்டர் நிறைய உண்டு, அங்கே அது இரவுக்கும் குளிருக்கும்கூடச் சேர்த்து.

இந்த வரிசைக்குள் பிரிப்பதற்குச் சின்னச் சின்ன அடையாளங்கள் உண்டு. இத்தாலியில் சில சுருள் ஷட்டர்களின் கீழ்ப்பாதியை இரும்புக் கைகளால் வெளியே தள்ளி, கூடாரம் மாதிரி சாய்த்து வைப்பார்கள். வெயில் வராது, காற்று வரும். கீலில் ஆடும் மரப்பட்டி ஷட்டரில் கீழ்ப்பகுதி மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றால் அது ஜெனோவா பாணி. ஆனால் பிரான்ஸின் நீஸ் நகரிலும் கார்சிக்கா தீவிலும் அதே பாணி இருப்பதால், அதை வைத்து இத்தாலி என்று அடித்துச் சொல்ல முடியாது. ஸ்பெயினில் இன்னொன்று: சங்கிலியாகக் கோத்த மெல்லிய மரப்பட்டைகளைக் கயிற்றால் சுருட்டி ஏற்றும் திரை. இறக்கும்போது அதைப் பால்கனிக் கைப்பிடிக்கு மேலாக வெளியே தொங்கவிடுவார்கள். பெயரிலேயே அலிகாண்டே நகரத்தைச் சுமந்திருக்கும் வகை அது.

ஷட்டரில் ஒரு பெரிய பொறியும் இருக்கிறது. ஸ்பெயின்காரர்களும் இத்தாலிக்காரர்களும் கூட்டம் கூட்டமாகக் குடியேறிய அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ், உருகுவேயின் மாண்டிவிடியோ நகரங்களிலும் சுருள் ஷட்டர் வைத்த மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. ஜன்னலை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டினால் மாட்ரிட்டா புவனஸ் அயர்ஸா என்று சொல்வது கஷ்டம்.

இரண்டாமிடம் துணி காயப்போடும் ஏற்பாட்டுக்கு. சிலர் இதைத்தான் முதலில் வைப்பார்கள், அவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் பார்க்க வேண்டியது துணியை அல்ல, துணியைத் தாங்கும் பொருளை. துணி அன்றைய வானிலையையும் வீட்டில் குழந்தை இருப்பதையும் சொல்லும், அதற்கு மேல் இல்லை. தாங்கியோ கட்டியவர் விட்டுப்போன கையெழுத்து.

சுவரிலிருந்து நேராக வெளியே நீட்டி நிற்கும் கழிகளில் துணி, கொடிக்கம்பம் சாய்ந்த மாதிரி தெரிந்தால், அது சிங்கப்பூரின் பழைய அரசுக் குடியிருப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே கழியைச் செருகும் குழாய்கள் கட்டடத்தோடேயே வந்தவை. ஹாங்காங்கின் பழைய அரசுக் குடியிருப்புகளிலும் இதே ஏற்பாடு இருந்தது. மூன்று குழாய்கள் சேர்ந்து நிற்பதைப் பார்த்து அங்கே ‘மூன்று ஊதுபத்தி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இரண்டையும் பிரிக்கத் துணியை விட்டுவிட்டுக் கட்டடத்தின் பக்கச் சுவரைப் பாருங்கள். சிங்கப்பூரில் பிளாக் எண்ணைப் பெரிதாக எழுதியிருப்பார்கள்.

ஜப்பானில் கழி பால்கனிக்கு இணையாக, சுவரிலோ கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்திலோ பொருத்திய தாங்கியில் கிடக்கும். மெத்தையைக் கைப்பிடி மேல் போட்டுப் பெரிய கிளிப்பால் கவ்வியிருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். இஸ்ரேலிலோ துணியே கண்ணுக்குப் படாமல் போகலாம். கொடியை மறைப்பதற்கென்றே ஜன்னலுக்கு வெளியே பட்டைபட்டையான ஒரு தடுப்பு வைப்பது அங்கே வழக்கம். முகப்பில் ஷட்டர், ஓரத்தில் அந்தப் பட்டைத் தடுப்பு, கூரையில் வரிசையாக வெள்ளைத் தண்ணீர்த் தொட்டிகளும் சூரியத் தகடுகளும். இம்மூன்றும் ஒரே படத்தில் கிடைத்தால் நான் வேறு நாட்டை யோசிக்க மாட்டேன்.

துணி இல்லாததை மட்டும் தடயமாக எடுக்காதீர்கள். தெருமுகப்பில் துணி தொங்கக் கூடாது என்று பல ஐரோப்பிய நகராட்சிகளில் விதி இருக்கிறது. அங்கெல்லாம் துணி கட்டடத்தின் உள்முற்றத்தில் காயும். படம் எடுத்தவர் தெருவில் நின்றால் அது எப்படித் தெரியும்?

மூன்றாவது கிரில். கண்ணில் முதலில் படுவது இதுதான், ஏமாற்றுவதும் இதுதான். கம்பி உலகம் முழுக்க இருக்கிறது. அதனால் ‘கம்பி இருக்கிறதா’ என்பதைவிட ‘எந்த மாடி வரைக்கும் இருக்கிறது’ என்ற கேள்வி பயன்படும். தரைத்தளத்தோடு நின்றால் திருட்டுப் பயம். தரைத்தளத்திலும் உச்சி மாடியிலும் மட்டும் என்றால், மொட்டைமாடி வழியாகவும் ஆள் இறங்கலாம் என்ற கணக்கு. பதினைந்தாவது மாடியிலும் கம்பி இருந்தால் அது திருடனுக்கு அல்ல, குழந்தைக்கு. வடிவத்தில் எனக்கு உருப்படியாக உதவியது ஒன்றுதான்: கீழ் மூலையிலிருந்து சூரியக் கதிர் போல விரியும் கம்பிகள். முன்னாள் சோவியத் நாடுகளின் தரைத்தள ஜன்னல்களில் அடிக்கடி பார்க்கலாம். கிரில் நாட்டைவிடக் காலத்தைத்தான் நன்றாகச் சொல்லும் என்பது என் அபிப்பிராயம்.

கொசுவலை கடைசி. சாதாரண வலையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு திசையில் 18, மறு திசையில் 16 இழை. கண்ணியின் அகலம் ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவு. எதிர்த்தெருவிலிருந்து எடுத்த படத்தில் அது வலையாகத் தெரியவே தெரியாது. தெரிவது அதன் விளைவு மட்டும்: கண்ணாடியின் பளபளப்பு அந்த இடத்தில் செத்துப்போய் மங்கல் சாம்பலாக நிற்கும். அந்த மங்கல் ஜன்னலின் கீழ்ப்பாதியில் மட்டும் இருந்தால் மேலும் கீழும் நகரும் ஜன்னல், அமெரிக்காவை யோசிக்கலாம். இடப்பாதியிலோ வலப்பாதியிலோ மட்டும் இருந்தால் பக்கவாட்டில் நகரும் ஜன்னல், ஜப்பானும் கொரியாவும் வரும். பால்கனி முழுக்க வலை பளிச்சென்று கண்ணில் பட்டால் அது கொசுவுக்கானதே இல்லை. பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் குழந்தையும் பூனையும் விழாமல் இருக்கக் கட்டும் வலை அது, கண்ணி பல சென்டிமீட்டர் இருக்கும்.

அந்த ஏழு மாடிப் படத்துக்கு வருவோம். கம்பி தரைத்தளத்தோடு நின்றுவிட்டது, ஆகவே அதை ஒதுக்கி வைக்கலாம். ஷட்டர் பெட்டிகள் எல்லா மாடியிலும் சுவருக்குள் மறைந்திருந்தன. தெற்கு ஐரோப்பா, இஸ்ரேல், இல்லையென்றால் புவனஸ் அயர்ஸும் மாண்டிவிடியோவும் நிற்கும் ரியோ டி லா பிளாட்டா கரை. கூரையில் தண்ணீர்த் தொட்டி வரிசை இல்லை, துணியை மறைக்கும் தடுப்பும் இல்லை. இஸ்ரேல் பின்னுக்குப் போனது. துணி, கால் விரித்து நிற்கும் மடக்கு ஸ்டாண்டில் பால்கனிக்குள் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே கப்பி வைத்து இழுக்கும் கொடி எங்கும் காணோம். லிஸ்பன் பக்கம் அது நிறைய என்பதால் போர்ச்சுக்கல் கொஞ்சம் மங்கியது. ஒரு பால்கனியிலும் வலை இல்லை. புவனஸ் அயர்ஸை இது விலக்காது, சந்தேகத்தை மட்டும் கூட்டும்.

மிஞ்சியதைத் தீர்த்து வைத்தது நான் முதலில் கவனிக்காத நான்காம் மாடி. அங்கே ஒரு மரப்பட்டைத் திரை கைப்பிடிக்கு மேலாக வெளியே வழிந்து தொங்கியது. அதற்கு மேல்மாடியிலும் பக்கத்திலும் பச்சைத் துணிப் பந்தல்கள், எல்லாம் ஒரே பச்சை. செங்கல் முகப்பில் இந்தப் பச்சைப் பந்தல்கள் ஸ்பெயினில் சலிக்கும் அளவுக்குப் பார்க்கக் கிடைப்பவை. ஸ்பெயின் என்றார் நண்பர், மாட்ரிட்டின் புறநகர். ஸ்பெயின் வரைக்கும் அந்தப் படமே சொல்கிறது. மாட்ரிட் என்று அவர் சொன்னது அங்கே மூன்று வருஷம் குடியிருந்ததால்.