போன் நிரம்பிட்டுது எண்டு கடையில குடுக்க முதல் இதை வாசியுங்கோ: 5,800 ரூபாயும் போய் படங்களும் போச்சு

போன வியாழக்கிழமை நடந்தது. கோபம் ஆறேல்லை, ஆற முதலே எழுதுறன். எதை முதல் அழிக்கோணும் எண்டும் சொல்லுறன்.

விசுவமட்டில இருக்கிற மாமியின்ர போன் 64 ஜீபி. ஒரு கிழமையாய் இடம் இல்லை எண்டு காட்டிக்கொண்டே இருந்தது. கிளிநொச்சி ரவுணில போன் திருத்துற ஒரு கடைக்குக் கொண்டுபோனா. "அம்மா, படங்கள்தான் இடத்தைப் பிடிச்சிருக்கு. ஒரு 128 ஜீபி மெமரி காட் போட்டு எல்லாத்தையும் அதுக்கு மாத்திவிடுறன், ஒண்டும் அழியாது. பின்னேரம் வாங்கோ" எண்டான் பெடியன். அந்த "ஒண்டும் அழியாது" எண்ட சொல்லைத்தான் மாமி நம்பினா. காட் 4,300, வேலைக்கூலி 1,500, மொத்தம் 5,800 ரூபா. பில் இல்லை.

வீட்டை வந்து பார்த்தால் பழைய படங்கள் திறக்குது. 2023க்குப் பிறகு எடுத்த ஒண்டும் திறக்கேல்லை. பெயர் இருக்கு, அளவும் இருக்கு, தொட்டால் சாம்பல் நிறம்தான் வருது. பேரப்பிள்ளையின்ர முப்பத்தொண்டு வீடியோவும் அதுக்குள்ள.

இது காட் பழுதானதில்லை, போலிக் காட். உள்ளுக்கு இருக்கிறது 8 ஜீபி. போனுக்கு 128 எண்டு பொய் சொல்லுற மாதிரி அதை மாத்தி வச்சிருக்கிறாங்கள். முதல் 7 ஜீபி சொச்சம் ஒழுங்காய்ப் பதியும். அதுக்குப் பிறகு எழுதுறதெல்லாம் எங்கையும் பதியாது, ஆனால் போனுக்கு அது தெரியாது. "மாத்தியாச்சு" எண்டு நம்பி போனில இருந்த மூலத்தை அழிச்சுப்போடும். 24 ஜீபி படத்தில 17 ஜீபி போனது இப்பிடித்தான்.

கடைக்குத் திரும்பப் போனம். முதல் நாள் "முதலாளி இல்லை, நாளைக்கு வாங்கோ". அடுத்த நாள் "நீங்கள் காட்டைக் கழட்டியிருப்பியள்". மூண்டாம் முறை, இன்னும் 3,000 தந்தால் ரிக்கவரி செய்து பார்க்கலாமாம்! அதுக்குக் காசு குடுக்காதேங்கோ. இப்பத்தைய போன்கள் உள் நினைவகத்தில எல்லாத்தையும் சாவி போட்டுப் பூட்டின மாதிரி மறைகுறியாக்கித்தான் பதியுது. மூலம் அழிஞ்சால் எந்த மென்பொருளும் திருப்பி எடுக்காது. பதியவே பதியாததைக் காட்டில இருந்தும் எடுக்கேலாது.

எனக்கு வயிறு எரியுறது இதுக்குத்தான். அந்த 5,800 ரூபா ஒரு சதமும் தேவைப்படேல்லை. போனைத் திறந்து பார்த்தன்: வட்ஸ்அப் 13 ஜீபி, குப்பைத்தொட்டி 3 ஜீபி, ரெண்டும் அப்பிடியே கிடக்கு. குப்பையை விட்டுட்டுப் பெறுமதியானதை மாத்தியிருக்கிறான்.

செய்ய வேண்டினது இதுதான். முதல் கலரிக்குள்ள Trash அல்லது Bin ஐ வெறுமையாக்குங்கோ. அழிச்ச படங்கள் அதுக்குள்ள 30 நாள் இடம் பிடிச்சுக்கொண்டு இருக்கும். அதனாலதான் "அழிச்சும் குறையேல்லை" எண்டு நிறையப் பேர் சொல்லுறது. பிறகு வட்ஸ்அப்பில Settings, Storage and data, Manage storage. அங்க "Larger than 5 MB" எண்டதைத் திறந்தால் கோயில் குறூப், ஊர்ச்சங்கக் குறூப், கனடாக் கலியாண வீடியோ எல்லாம் பெரிசு முதலாய் வரிசையாய் நிக்கும். வேண்டாததை மட்டும் தெரிஞ்சு அழியுங்கோ. மாமியின்ர போனில இருபது நிமிசத்தில 9 ஜீபி வந்தது. அதே Storage and data க்குள்ள Media auto-download இல வீடியோவை நிப்பாட்டிவிடுங்கோ, இல்லாட்டி ஒரு மாசத்தில திரும்ப நிரம்பும்.

வட்ஸ்அப்புக்கு Clear data அமத்தாதேங்கோ, பேசினதெல்லாம் போயிடும். Clear cache பரவாயில்லை. 'கிளீனர்' அப் ஒண்டும் போடாதேங்கோ.

காட் வாங்கத்தான் வேணுமெண்டால் கடையில வைச்சே Move செய்ய விடாதேங்கோ, Copy மட்டும். பிறகு காட்டை வெளியில எடுத்துத் திரும்பப் போட்டு, கடைசியாய்ப் போன நாலைஞ்சு வீடியோவைத் திறந்து ஓட விடுங்கோ. கழட்டாமல் பார்த்தால் போன் தன்ர தற்காலிக நினைவில இருந்தே காட்டிப்போடும், நல்லாயிருக்கிற மாதிரித் தெரியும். முதல் போனதைத் திறந்து பார்த்துப் பிரயோசனம் இல்லை, போலிக் காட்டிலும் அது திறக்கும்.

பில்லில காட்டின்ர பெயரும் ஜீபியும் எழுதி வாங்குங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல முறைப்பாடு செய்யலாம். ஆனால் எங்களிட்ட இருக்கிறது சாம்பல் படங்கள் நிறைஞ்ச ஒரு காட் மட்டும்தான். 5,800 ரூபா வாங்கினான் எண்டதுக்கு ஒரு துண்டும் இல்லை.