டாலர் பில்லுக்கு ஸ்பாட்டா, ஃபார்வர்டா, ஆப்ஷனா?

திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டருக்கு பையர் டாலரில் விலை பேசுகிறார். நூல், சாயம், தையல் கூலி எல்லாம் ரூபாயில் போகின்றன. ஆர்டர் கைக்கு வந்து, சரக்கு கப்பலேறி, பணம் வந்து சேர மூன்று நான்கு மாதம் ஆகிவிடும். காஸ்டிங் போட்ட நாளில் டாலருக்கு எத்தனை ரூபாய் என்று எழுதினீர்களோ, அந்த எண்ணில்தான் உங்கள் லாபம் நிற்கிறது. அதை எப்படிக் காப்பது என்பதற்கு ஏற்றுமதியாளரிடம் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. ஒரே ஆர்டரை வைத்து மூன்றையும் போட்டுப் பார்ப்போம்.

பில் 1,00,000 டாலர். மொத்தச் செலவு 82 லட்ச ரூபாய். இன்றைய ரேட் 86 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதே ரேட் கிடைத்தால் லாபம் 4 லட்சம். பணம் வர மூன்று மாதம்.

முதல் வழி, எதுவும் செய்யாமல் இருப்பது. டாலர் கணக்குக்கு வரும் நாளில் என்ன ரேட்டோ அதற்கு விற்பது. இதைத்தான் ஸ்பாட் என்கிறோம். வங்கிகளுக்கிடையே ஸ்பாட் என்றால் இன்று பேசி இரண்டு வேலை நாள் கழித்துப் பணம் மாறுவது. உங்களுக்குக் கிடைப்பது அதிலிருந்து வங்கி தன் மார்ஜினைக் கழித்துக்கொண்டு தரும் ரேட். 2022 தொடக்கத்தில் டாலர் 75 ரூபாய்க்குக் கீழே இருந்தது. அந்த அக்டோபரில் 83-ஐத் தாண்டியது. அப்போது ஸ்பாட்டில் காத்திருந்தவர்களுக்கு நல்ல லாபம். ஆனால் 2007 தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர் அந்த ஆண்டு முடிவதற்குள் 40-க்குக் கீழே இறங்கியதில், காஸ்டிங்கில் போட்ட லாபம் கைக்கு வராமல் திருப்பூர் திணறியது. காத்திருப்பது என்பது ரூபாய் சரியும் என்று பந்தயம் கட்டுவதுதான். பலர் தாங்கள் பந்தயம் கட்டுவதாகவே நினைப்பதில்லை.

இரண்டாவது வழி ஃபார்வர்டு. மூன்று மாதம் கழித்து 1,00,000 டாலரை இந்த ரேட்டுக்குத் தருகிறேன் என்று வங்கியோடு இன்றே ஒப்பந்தம் போடுவது. அந்த ரேட் எங்கிருந்து வருகிறது? டாலர் எங்கே போகும் என்று வங்கி ஜோசியம் சொல்வதில்லை. ரூபாய்க்கும் டாலருக்கும் உள்ள வட்டி வித்தியாசம்தான் கணக்கு. ரூபாய் வட்டி ஆண்டுக்கு 2 சதவீதம் அதிகம் என்றால், 86 ரூபாய்க்கு மூன்று மாதத்தில் 43 பைசா கூடும். இதற்கு ப்ரீமியம் என்று பெயர். வங்கி 8 பைசா மார்ஜின் எடுத்துக்கொண்டால் உங்கள் ரேட் 86.35. டாலர் விற்பவருக்கு இந்த ப்ரீமியம் வருமானம். "ஃபார்வர்டு போட்டால் செலவு" என்று ஏற்றுமதியாளர் சொல்வது பெரும்பாலும் தவறு. அது இறக்குமதியாளருக்கு ஏற்படும் செலவு.

மூன்றாவது வழி ஆப்ஷன். டாலரை 86 ரூபாய்க்கு விற்கும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்குவது. விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்ஷூரன்ஸ் மாதிரி, கட்டிய பணம் திரும்பி வராது. டாலருக்கு 60 பைசா என்றால் இந்த பில்லுக்கு 60,000 ரூபாய், அதுவும் முன்கூட்டியே.

இப்போது மூன்று மாதம் கழித்து டாலர் 83-க்கு இறங்கினாலும், 89-க்கு ஏறினாலும் கையில் நிற்கும் லாபம்:

| வழி | டாலர் 83 ஆனால் | டாலர் 89 ஆனால் |
|---|---|---|
| ஸ்பாட் | 1 லட்சம் | 7 லட்சம் |
| முழுவதும் ஃபார்வர்டு | 4.35 லட்சம் | 4.35 லட்சம் |
| பாதி ஃபார்வர்டு, பாதி ஸ்பாட் | 2.68 லட்சம் | 5.68 லட்சம் |
| ஆப்ஷன் | 3.40 லட்சம் | 6.40 லட்சம் |

அட்டவணையைப் பார்த்தால் ஆப்ஷன்தான் அழகாகத் தெரியும். ஆனால் டாலர் 86-லேயே நின்றால், அந்த 60,000 லாபத்திலிருந்து சும்மா போகும். ஒரு டாலருக்கு நான்கு ரூபாய் லாபம் வைக்கும் தொழிலில் ஒவ்வொரு பில்லுக்கும் இதைக் கட்ட யாருக்கும் மனசு வராது. அதனால் நடைமுறையில் போட்டி ஸ்பாட்டுக்கும் ஃபார்வர்டுக்கும்தான்.

ஃபார்வர்டின் ஆபத்து இந்த அட்டவணையில் இல்லை. பணம் சொன்னபடி வரும் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. பையர் ஆர்டரையே ரத்து செய்துவிட்டார், டாலர் 89-க்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தை முடிக்க வங்கி தன் விற்பனை ரேட்டில், சுமார் 89.10-ல், கணக்குப் போடும். டாலருக்கு 2.75 ரூபாய் வீதம் 2.75 லட்சம் உங்கள் கையிலிருந்து போகும். சரக்கும் போகவில்லை, டாலரும் வரவில்லை, நஷ்டம் மட்டும் மிச்சம். பையர் 20,000 டாலர் தள்ளுபடி கேட்டுக் குறைத்து அனுப்பினாலும் அந்த 20,000-க்கு இதே கதைதான்.

பணம் ஒரு மாதம் தாமதமானால் நிலைமை வேறு. பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்து, புதிய தேதிக்கு ரோல்ஓவர் செய்வார்கள். டாலர் ஏறியிருந்தால், ரத்து செய்ததில் வந்த வித்தியாசத்தை அன்றே கட்ட வேண்டும். அதை ஈடுகட்டும் உயர்ந்த ரேட் அடுத்த மாதம்தான் கிடைக்கும். மொத்தத்தில் பெரிய நஷ்டம் இல்லை, ஆனால் சம்பள வாரத்தில் அந்தப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

தேதி உறுதியாகத் தெரியாதபோது, மூன்றாவது மாதத்தில் எந்த நாளிலும் டாலர் தரலாம் என்று ஒரு மாத அவகாசத்தோடு ஃபார்வர்டு போடலாம். அப்போது வங்கி, அவகாசம் தொடங்கும் நாள் வரைக்குமான ப்ரீமியத்தை மட்டுமே தரும். நம் கணக்கில் 43 பைசாவுக்குப் பதில் இரண்டு மாதத்துக்கான 28, 29 பைசா. அடிக்கடி தாமதமாக அனுப்பும் பையர் என்றால் அந்தப் பதினைந்து பைசாவை விட்டுக்கொடுப்பதே மேல்.

ஆகவே என் கருத்தில், எவ்வளவு ஹெட்ஜ் செய்வது, அதாவது எவ்வளவு டாலருக்கு ரேட்டை முன்கூட்டியே காத்துக்கொள்வது என்பதை, டாலர் எங்கே போகும் என்ற ஊகத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. பணம் வரும் என்ற உறுதியை வைத்துத்தான் செய்ய வேண்டும். சரக்கு கப்பலேறிவிட்டது, பல வருடமாக ஒழுங்காகப் பணம் அனுப்பும் பையர் என்றால் பில்லில் முக்கால் பங்கை ஃபார்வர்டில் போடலாம். ஆர்டர் வந்திருக்கிறது, இன்னும் நூல்கூட வாங்கவில்லை என்றால் பாதிக்கு மேல் போகாதீர்கள். வாய்ப்பேச்சில் இருக்கும் ஆர்டருக்கு ஃபார்வர்டே வேண்டாம். விலை குறைத்துக் கேட்டதால் லாபம் மிக ஒல்லியாக இருக்கிறது, ரேட் இறங்கினால் தாங்காது என்றால், அங்கேதான் ஆப்ஷனுக்குக் கொடுக்கும் பணம் நியாயம். இயந்திரமோ ஜிப், பட்டனோ டாலரில் இறக்குமதி செய்பவர், வரும் டாலரில் அதற்கு வேண்டியதைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் ஹெட்ஜ் செய்தால் போதும். அந்த டாலரை, ஏற்றுமதிப் பணத்தை டாலராகவே வைத்திருக்க வங்கி தரும் இஇஎஃப்சி கணக்கில் வைக்கலாம். வந்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் பயன்படுத்தாததை ரூபாயாக மாற்றிவிட வேண்டும்.

வங்கியில் ஃபார்வர்டு கேட்கும்போது "என்ன ரேட்?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்பாட் எவ்வளவு, ப்ரீமியம் எத்தனை பைசா, உங்கள் மார்ஜின் எத்தனை பைசா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு லட்சம் டாலருக்கு பத்து பைசா என்பது பத்தாயிரம் ரூபாய், மார்ஜினில் பேரம் பேச இடம் உண்டு.

இன்னொன்று. கட்டணமே இல்லாமல், ஃபார்வர்டைவிட நல்ல ரேட்டும் தருகிறோம் என்று யாராவது ஒரு திட்டத்தோடு வந்தால், ரேட் எதிர்ப்பக்கம் போகும்போது நீங்கள் எத்தனை டாலர் தர வேண்டும் என்று முதலில் கேளுங்கள். 2007-08-இல் சுவிஸ் பிராங்க், யென் ஏற்ற இறக்கத்தோடு கட்டிய ஒப்பந்தங்களை ஹெட்ஜிங் என்று நம்பி திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலர் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்கு வரவேண்டியது டாலர். சுவிஸ் பிராங்கில் ஒரு பைசா வரவேண்டியதில்லை. வங்கிகளோடு நீதிமன்றம் வரை போன வழக்குகளுக்கு அதுதான் தொடக்கம். உங்கள் பில்லில் இல்லாத நாணயமோ, பில் தொகையைவிடப் பெரிய தொகையோ ஒப்பந்தத்தில் இருந்தால், அதில் கையெழுத்திடாதீர்கள்.