வரிசைப்படி சுருக்குவதா, வரையறையை முதலில் எடுப்பதா?

ஒரு மணி நேர வகுப்பின் ஒலிப்பதிவை எழுத்தாக்கினால் பக்கம் பக்கமாக நீளும். அதைப் பரீட்சைக்கான குறிப்பாக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வரியிலிருந்து சுருக்கிக்கொண்டே போய், பேச்சு திரும்பும் இடத்தில் தலைப்பு வைக்கலாம். அல்லது, எதையும் சுருக்கும் முன் வரையறைகளைச் சொல் மாறாமல் எடுத்து வைத்துவிட்டு, அவற்றைச் சுற்றித் தலைப்புகளை அமைக்கலாம்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 பற்றிய ஒரு வகுப்பை இரண்டு வழியிலும் செய்து பார்த்தேன். பாடம் பிரிவு 2(d), கன்சிடரேஷன், அதாவது மறுபயன். வாக்குக் கொடுத்தவரின் விருப்பப்படி வாக்குப் பெற்றவர் ஒன்றைச் செய்திருந்தாலும், செய்தாலும், செய்வதாகச் சொன்னாலும் அது மறுபயன் என்று ஆசிரியர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. வெகுநேரம் கழித்துச் சின்னய்யா வழக்கு வந்தபோதுதான், "முன்னாடி சொன்னேனே, அதில் 'அல்லது வேறு எவரும்' என்பதையும் சேர்த்துக்கோங்க" என்றார்.

வரிசைப்படி சுருக்கியது வேகமாக முடிந்தது. ஆனால் 'மறுபயன்' தலைப்பின் கீழ் குறையுள்ள வரையறை நின்றது. திருத்தம் வழக்கின் கதைக்குள் புதைந்துவிட்டது. அதோடு, 'செய்திருந்தாலும், செய்தாலும், செய்வதாகச் சொன்னாலும்' என்பதை நானே 'செய்தால்' என்று ஒரு சொல்லாக்கியிருந்தேன். வாக்குக்கு முன்பே செய்து முடித்த செயலும் மறுபயனாகும் என்பது அந்த 'செய்திருந்தாலும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. அது போனால் ஒரு முழுக் கேள்விக்கான விடை போய்விடும்.

இரண்டாவது வழியில் முதலில் 'அதாவது', 'என்றால்', 'முன்னாடி சொன்னேனே' என்ற சொற்களைத் தேடினேன். கிடைத்த வரிகளை நேரக் குறிப்போடு ஒரு தாளில் ஒட்டினேன். வரையறையும் திருத்தமும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. தலைப்புகளும் அவற்றிலிருந்தே கிடைத்தன: யாருடைய விருப்பப்படி? யார் செய்யலாம்? எப்போது செய்திருக்கலாம்? சின்னய்யா வழக்கு இரண்டாவது தலைப்பின் கீழ் தானாகப் போய் உட்கார்ந்தது. அதில் தாய் மகளுக்குச் சொத்தைத் தானமாகக் கொடுக்கிறார். மகள் தாயின் உடன்பிறந்தோருக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக எழுதிக் கொடுக்கிறார். பிறகு, அவர்களிடமிருந்து தனக்கு எதுவும் வரவில்லையே என்று மறுக்கிறார். தாய் கொடுத்ததே போதும் என்றது சென்னை உயர் நீதிமன்றம்.

குறிப்பு சரியா என்று பார்க்க, வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லிப் பாருங்கள். முதல் குறிப்பை வைத்துச் சொன்னால் மகள் ஜெயித்துவிடுவார். அப்படியானால் ஏதோ ஒரு சொல் விடுபட்டிருக்கிறது.

என் தேர்வு இரண்டாவது வழிதான், நேரம் கூடுதலாகப் பிடித்தாலும். ஒன்றை மட்டும் அதுவும் காப்பாற்றாது: எழுத்தாக்கத்தில் வாக்குக் கொடுத்தவரைக் குறிக்கும் 'ப்ராமிசர்' வரவேண்டிய இடத்தில், வாக்குப் பெற்றவரைக் குறிக்கும் 'ப்ராமிசி' விழுந்திருந்தால், பிழையையே பத்திரமாக எடுத்து வைப்போம். அதனால் ஒட்டிய ஒவ்வொரு வரியையும் சட்டப் புத்தகத்தின் மூல வாசகத்தோடு ஒருமுறை ஒப்பிட்ட பிறகே தலைப்பு வைக்கிறேன்.