பங்கு பிரித்து வைப்பதா, ஒரே இருப்பாக வைப்பதா?

திருப்பூரில் டி-ஷர்ட் கடை எங்களுடையது. கவுண்டர், எங்கள் வெப்சைட், இரண்டு ஆன்லைன் சந்தைகள், அப்புறம் வாட்ஸ்அப் என்று ஐந்து வழியாக விற்கிறோம். வந்த சரக்கை ஒவ்வொரு வழிக்கும் பங்கு பிரித்து வைப்பது, எல்லா வழிக்கும் ஒரே பொது இருப்பாக வைப்பது என்று இரண்டு முறைகளையும் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போது பொது இருப்பில் நிற்கிறோம்.

பங்கு பிரிப்பது எளிது. மென்பொருள் வேண்டாம், இல்லாத சரக்கை விற்கும் பயமும் குறைவு. மெரூன் எம் சைஸ் 40 பீஸ் வந்தபோது கவுண்டர், வெப்சைட், இரண்டு சந்தைகள் என்று தலைக்கு 10 வைத்தோம். வாட்ஸ்அப் கவுண்டர் கணக்கில் சேர்ந்தது. சனிக்கிழமை மதியத்துக்குள் ஒரு சந்தையில் பத்தும் போய் 'ஸ்டாக் இல்லை' என்று காட்டியது. அதே நேரம் மற்ற பங்குகளில் 22 பீஸ் அலமாரியிலேயே கிடந்தன. சரக்கை வைத்துக்கொண்டே வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பினோம்.

பொது இருப்பில் அந்த 40-ம் எல்லா இடத்திலும் தெரியும். எங்கே விற்றாலும் மென்பொருள் மற்ற இடங்களில் குறைத்துவிடும். ஆனால் உடனே குறைக்காது. எங்களுடையது 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எண்ணிக்கையை அனுப்புகிறது. கடைசி பீஸைக் கவுண்டரில் 11 மணிக்கு விற்றோம். 11:07-க்கு சந்தையில் அதே பீஸுக்கு ஆர்டர் விழுந்தது. ரத்து செய்ய வேண்டியதாயிற்று. விற்பவர் செய்யும் ரத்து சந்தையில் நம் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

ஆகவே இந்த முறை நிற்பதும் விழுவதும் நாம் ஒதுக்கி வைக்கும் பீஸ்களில்தான் இருக்கிறது. எங்கள் கணக்கு இது: பரபரப்பான நேரத்தில் எம் சைஸ் எல்லா வழியிலும் சேர்த்து மணிக்கு 8 போகும், அதாவது 15 நிமிடத்துக்கு 2. "எடுத்து வைங்க அக்கா, சாயங்காலம் பணம் போடுறேன்" என்று வாட்ஸ்அப்பில் சொல்பவருக்காக இன்னும் ஒன்று. ஆக மொத்தம் 3. இருப்பு மூன்றுக்கு வந்ததும் சந்தைகளில் பூஜ்யம் காட்டும். கவுண்டரும் வெப்சைட்டும் கடைசி பீஸ் வரை விற்கும். கவுண்டரில் போன பீஸுக்கே வெப்சைட்டிலும் ஆர்டர் விழுந்தால் வாடிக்கையாளரை நாமே போனில் கூப்பிட்டு வேறு நிறம் கேட்கலாம், சந்தையில் அதற்கு வழியில்லை. மெதுவாகப் போகும் டபுள் எக்ஸ்எல்லுக்கு 1 போதும். எல்லா சைஸுக்கும் ஒரே எண்ணை வைத்தால் அதுவே பங்கு பிரித்தது போலத் தேங்கிவிடும்.

கவுண்டர் பில்லை ஸ்கேன் செய்யாமல் "ராத்திரி போட்டுக்கலாம்" என்று நோட்டில் எழுதினால் எத்தனை ஒதுக்கியும் பயனில்லை. திரும்பி வரும் பார்சலும் அப்படித்தான். பிரித்து, கறை பார்த்து, சைஸ் லேபிளைச் சரிபார்த்த பிறகே கையால் இருப்பில் ஏற்றுகிறோம்.

இதெல்லாம் எங்கள் கடை அளவுக்குச் சொல்வது: எங்களிடம் 120 வகைதான். சரக்கைச் சந்தையின் கிடங்குக்கே அனுப்பி விற்பதை ஒரு சீசன்தான் செய்திருக்கிறோம்; அங்கே போனது எப்படியும் தனிப் பங்குதான். ஒரே கவுண்டரும் ஒரே சந்தையும் மட்டும் இருப்பவர் பங்கு பிரித்தே ஓட்டலாம்.